மூடிய அறையில் ஓர் இருமல்: வெள்ளவத்தை டியூசன் வகுப்பொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் பழைய மாடிவீடு ஒன்று இருக்கிறது. அதன் மேல்மாடி பத்து வருடங்களாக உயர்தர வகுப்புகளுக்கு வாடகைக்குப் போகிறது. என் அக்காவின் மகள் அங்கே சனிக்கிழமைகளில் இரசாயனவியல் படித்தாள். நான் கட்டடங்களுக்குக் குளிரூட்டலும் காற்றோட்டமும் வடிவமைக்கும் வேலை செய்கிறவன். மருத்துவன் அல்ல. நோய் பற்றி இங்கே வரும் விடயங்களை எங்கள் குடும்ப வைத்தியரிடம் காட்டி, அவர் திருத்திய பின்தான் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை விட்டிருக்கிறேன். இடத்தின் அடையாளங்கள் சிலவற்றையும் தவிர்த்திருக்கிறேன்.

அறை 10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம். நடுவில் நடைவழி விட்டு, இரு பக்கமும் ஏழேழு வாங்குகள், வாங்குக்கு மூன்று பேர். மொத்தம் 42 மாணவர். ஆசிரியரையும் டியூட் கொடுக்கும் இரண்டு உதவியாளர்களையும் சேர்த்தால் 45 பேர். இடப்பக்கச் சுவரில் இரண்டு ஏசி. வலப்பக்கம் ஒழுங்கையைப் பார்த்த நான்கு யன்னல்கள். அவை எப்போதும் பூட்டியே இருக்கும். திறந்தால் குளிர் போய்விடும், பஸ் சத்தம் வந்துவிடும், மழை என்றால் கடல் பக்கக் காற்று சாரலை நேரே கொப்பிகளின் மேல் அடிக்கும்.

அந்த வீட்டைக் கட்டியவர்கள் காற்றைப் பற்றி யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். இடப்பக்கத்து விறாந்தைச் சுவரில், கதவுக்கு மேலே, கூரையை ஒட்டினாற்போல் வரிசையாகக் காற்றுத் துவாரங்கள் உண்டு. ஏசி பூட்டிய காலத்தில் யாரோ அவற்றின் மேல் பலகை அடித்து, சுவரோடு சேர்த்து வெள்ளை பூசிவிட்டார்கள். நான் இரண்டு தடவை அந்த அறைக்குப் போயும் கவனிக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை

கடந்த ஆண்டு ஜூன் மாதம். தென்மேல் பருவ மழை. வகுப்பு பின்னேரம் 2.30க்குத் தொடங்கி 5 மணி வரை, இடைவேளை இல்லாமல். வலப்பக்கம் நான்காவது வாங்கில் இருந்த ஒரு மாணவனுக்கு முதல் நாள் இரவே காய்ச்சல். பனடோல் போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு வந்திருந்தான். மாதிரி வினாத்தாள் செய்யும் நாள் அது. வராமல் இருக்க அவனுக்கும் மனமில்லை, வீட்டிலும் விடவில்லை.

இரண்டரை மணி நேரமும் விட்டு விட்டு இருமினான். சில தடவை தும்மினான். ஒவ்வொரு முறையும் லேஞ்சியை வாயில் பிடித்தான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோருமே சொன்னார்கள். இதை இங்கே குறிக்கக் காரணம் இருக்கிறது. பின்னர் பெற்றோர் சிலர் அந்தப் பிள்ளையைத்தான் குறை சொன்னார்கள். அவன் தனக்குத் தெரிந்த ஒழுங்கைச் சரியாகவே செய்தான்.

ஞாயிறு இரவு முதல் ஆளுக்குக் காய்ச்சல் வந்தது. புதன்கிழமைக்குள் மற்ற 41 மாணவரில் 13 பேர் படுக்கையில். செவ்வாய்க்கிழமை ஆசிரியருக்கும் குரல் கட்டிக் காய்ச்சல் வந்தது. வைத்தியரிடம் போனவர்களில் இருவருக்குச் சோதனை செய்தார்கள். இரண்டிலும் இன்ஃபுளுவென்சா ஏ. இந்தக் கிருமி உடலுக்குள் போய் ஒரு நாளிலிருந்து நான்கு நாளுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளில், தன் வேலையைக் காட்டும். ஆகவே ஞாயிறு இரவிலிருந்து புதன் வரையான கணக்கு அந்தச் சனிக்கிழமையோடு பொருந்தியது. அதற்குப் பிறகு விழுந்த இரண்டு பேரை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அவர்களுக்கு வீட்டிலோ வேறெங்கோ பிடித்திருக்கலாம்.

வகுப்பில்தான் பரவியது என்று எப்படிச் சொல்லலாம்? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நோயுற்ற 13 பேரும் ஏழு பாடசாலைகளில் படிப்பவர்கள். வருகிற பஸ்ஸும் வேறு வேறு. அந்த வாரம் எல்லோரும் ஒன்றாக இருந்த இடம் அந்த அறை மட்டும்தான்.

ஆசனப் படம்

பத்து நாள் கழித்து, சுகமாகி வந்த மருமகளை இருத்தி, யார் எங்கே இருந்தார்கள் என்று ஒரு கொப்பித் தாளில் கீறினேன். மற்றப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டு அவள் அதைத் திருத்தினாள்.

இருமிய மாணவனின் வாங்கில் இருந்த இருவர், முன் வாங்கில் மூவர், பின் வாங்கில் மூவர் என எட்டுப் பேர் அவனுக்குக் கிட்ட இருந்தவர்கள். அவர்களில் ஐந்து பேருக்கு வந்திருந்தது. அதில் அதிசயம் இல்லை. நோயுற்ற மற்ற எட்டுப் பேர் இருந்த இடங்கள்தான் என்னை நிறுத்தின. அவர்களில் மூன்று பேர் இடப்பக்க முதல் வாங்கில், அவனிடமிருந்து நாலைந்து மீற்றர் தள்ளி இருந்தவர்கள். ஒருத்தி கடைசி வாங்கின் மூலையில். அவனோடு கதைத்ததுமில்லை, பேனை மாற்றிக்கொண்டதுமில்லை.

கிட்ட இருந்த எட்டில் ஐந்து, தூர இருந்த முப்பத்து மூன்றில் எட்டு. கிட்ட இருந்தால் ஆபத்து அதிகம் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. தூரம் காப்பாற்றவில்லை என்பதும் அதே தாளில் தெரிகிறது. இரண்டுக்கும் தனித்தனிக் காரணம் வேண்டும்.

இருமும்போது என்ன வெளியே வருகிறது

இருமல் என்றால் நாம் நினைப்பது கையில் படும் எச்சில் துளியைத்தான். உண்மையில் ஒரு இருமலில் பல அளவுத் துளிகள் ஆயிரக்கணக்கில் ஒரே வீச்சில் வருகின்றன. தும்மலில் இன்னும் அதிகம். ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மைக்ரோமீற்றர் அளவுள்ள துளி கண்ணுக்குத் தெரிகிற வகை. வாய் உயரத்திலிருந்து அது ஐந்தாறு செக்கனில் தரைக்கு வந்துவிடும். அதற்குள் முன் வாங்குக்காரரின் பிடரியிலோ கொப்பியிலோ விழலாம். 5 மைக்ரோமீற்றர்த் துளி அதே உயரத்திலிருந்து அசையாத காற்றில் இறங்க அரை மணி நேரம் எடுக்கும். 1 மைக்ரோமீற்றர் என்றால் பாதி நாள். அறையில் ஏசி காற்றைக் கலக்கிக்கொண்டிருந்தால் அது இறங்குவதாகவே எடுக்கக் கூடாது. வகுப்பு முடியும்வரை மிதக்கும்.

இடைப்பட்ட துளிகளின் நடத்தைதான் சுவையானது. அவை விழும் வழியிலேயே நீரை இழந்து சுருங்குகின்றன. விழ வேண்டிய துளி, விழுந்து முடியுமுன்னே மிதக்கும் துகளாகிவிடுகிறது. அமெரிக்காவில் வில்லியம் வெல்ஸ் என்பவர் 1934ல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஏறத்தாழ 100 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்டவை நிலத்தை அடையும், அதற்குச் சிறியவை உலர்ந்து காற்றில் தங்கும் என்பதே அவர் கண்டது. கொழும்பின் வெளிக்காற்றில் ஈரம் அதிகம், உலர்வது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் ஏசி அறையின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. குளிராக இருக்கிறது என்று நாம் விரும்பும் அதே காற்று துளிகளைச் சீக்கிரம் சுருக்குகிறது.

லேஞ்சி என்ன செய்தது? இருமலின் பாய்ச்சலை உடைத்தது. பெரிய துளிகளைப் பிடித்தது. அது இல்லாவிட்டால் முன் வாங்கில் மூவருக்கும் வந்திருக்கலாம். ஆனால் துணிக்கும் கன்னத்துக்கும் இடையில் பக்கவாட்டால் வெளியேறும் காற்றை அதனால் நிறுத்த முடியாது. அந்தக் காற்றில்தான் நுண்துளிகள் இருக்கின்றன. உடம்புச் சூட்டில் காற்று மேலெழும்போது அவையும் தலைக்கு மேல் போகின்றன. அங்கே ஏசியின் வீச்சு அவற்றை வாங்கி அறை முழுக்கப் பகிர்கிறது.

இன்னொன்று: நுண்துளிகள் இருமலில் மட்டும் வருவதில்லை. சும்மா மூச்சு விட்டாலும் வரும், கதைத்தால் கூடுதலாக வரும், சத்தமாகக் கதைத்தால் இன்னும் கூடுதலாக. இருமல் சில செக்கன், மூச்சோ இரண்டரை மணி நேரம். அந்த மாணவனிடமிருந்து வந்ததில் எது எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது.

அறையை அளந்தோம்

வீட்டுக்காரரிடம் போனேன். அறுபத்தைந்து வயது இருக்கும். "அண்ணை, இந்த அறைக்கு வெளிக்காத்து எங்கால வருது?" என்று கேட்டேன். அவர் ஏசியைக் காட்டினார். "உதுதானே தம்பி காத்து அனுப்புது. போன வருசம்தான் புதுசாப் போட்டனான்."

இந்தப் பதிலை நான் பெரிய அலுவலகங்களிலும் கேட்டிருக்கிறேன். சுவரில் தொங்கும் ஸ்பிளிட் ஏசி வெளியிலிருந்து ஒரு கோப்பைக் காற்றுக்கூடக் கொண்டுவருவதில்லை. வெளியே உள்ள பெட்டிக்கும் உள்ளே உள்ள பெட்டிக்கும் இடையில் ஓடுவது குளிரூட்டி வாயுவும் மின்கம்பியும்தான். உள்ளே இருக்கும் காற்றையே இழுத்து, குளிராக்கி, திரும்ப விடுகிறது. அதன் முகப்பில் உள்ள வலை தூசையும் முடியையும் பிடிக்கும். நுண்துளிக்கு அது திறந்த கதவு.

அடுத்த சனிக்கிழமை ஒரு காபனீரொட்சைட்டு மீட்டரைக் கொண்டுபோய் ஆறாவது வாங்கில், யன்னலுக்கும் ஏசிக்கும் எட்டத்தில், தலை உயரத்தில் வைத்தேன். காபனீரொட்சைட்டு கிருமி அல்ல. ஆனால் அறைக்குள் அதைக் கூட்டுவது மனிதரின் மூச்சு மட்டும்தான். வெளிக்காற்றில் அது ஏறத்தாழ 420 பி.பி.எம்., அதாவது பத்து இலட்சம் பங்கில் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் 38,000 அளவு. ஆகவே அறையின் அளவு 420க்கு மேல் எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவுக்கு நாம் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் இழுக்கிறோம்.

மீட்டர் வாங்குபவர்களுக்கு ஒரு சொல். மலிவான சில கருவிகள் காபனீரொட்சைட்டை அளப்பதே இல்லை. வேறு வாயுக்களை மணந்து ஒரு எண்ணை ஊகித்துக் காட்டும். கை கழுவும் சானிடைசரைத் திறந்து கிட்டப் பிடியுங்கள். எண் குபீரென ஏறினால் அது ஊகக்காரன். அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் கருவி அப்படித் துள்ளாது.

2.30க்கு 450 காட்டியது. 3 மணிக்கு 2,200. 3.30க்கு 3,250. 4.30க்கு 4,300. என் அருகில் இருந்த பிள்ளை திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இது கூடினா நல்லமா, குறைஞ்சா நல்லமா மாமா?" என்று கேட்டாள்.

4,300 என்றால், (4300 − 420) ÷ 38000, ஏறத்தாழ 10 சதவீதம். அந்த அறையில் இழுத்த ஒவ்வொரு பத்து மூச்சிலும் ஒரு மூச்சு ஏற்கெனவே வேறொருவரின் நெஞ்சுக்குள் போய் வந்தது. கணக்கைச் சொன்னபோது ஆசிரியர் முகத்தைச் சுளித்தார். முகச்சுளிப்பு எனக்கு உதவியது என்றே சொல்ல வேண்டும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பின் கதவைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் மீட்டரை உள்ளேயே விட்டேன். வெறும் அறையில் காபனீரொட்சைட்டு புதிதாகச் சேராது. இறங்கினால் அது கதவிடுக்காலும் யன்னலிடுக்காலும் கசிந்து போனதுதான். வெளிக்காற்றை விட மிகையாக இருந்த அளவு 3,880இலிருந்து 1,430க்கு வந்தது. இந்த இறக்கத்தின் இயற்கை மடக்கை, ln(3880 ÷ 1430) ≈ 1. அதாவது அறையின் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்று, 180 கனமீற்றர், மணிக்கு ஒருமுறைதான் உள்ளே வருகிறது. 45 பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் செக்கனுக்கு 1.1 லீற்றர். உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட வழிகாட்டியில் இப்படியான இடங்களுக்குச் சொன்னது ஆளுக்குச் செக்கனுக்கு 10 லீற்றர்.

வீட்டுக்காரர் எண்களுக்கு அசையவில்லை. அவரை அசைத்தது விமானக் கதை. 1977ல் அலாஸ்காவில் இயந்திரக் கோளாறால் ஒரு விமானம் நிலத்திலேயே மணிக்கணக்கில் நின்றது. காற்றோட்டமும் நிறுத்தப்பட்டிருந்தது. ஏறியிருந்த 54 பேரில் ஒரு பயணிக்கு இன்ஃபுளுவென்சா. மூன்று நாளுக்குள் 72 சதவீதத்தினர் நோயில் விழுந்தார்கள். "அப்ப நான் இங்க பிளேன் ஒண்டை நிப்பாட்டி வச்சிருக்கிறன்" என்றார்.

முதல் முடிவு: இடைவேளை

காசில்லாமல் உடனே செய்யக்கூடியதை முதலில் செய்தோம். வகுப்பை இரண்டாகப் பிரித்து நடுவில் 15 நிமிட இடைவேளை. எல்லோரும் விறாந்தைக்குப் போக வேண்டும், எல்லா யன்னலும் கதவும் திறக்க வேண்டும், மேல்விசிறிகள் முழு வேகத்தில் ஓட வேண்டும்.

இடைவேளை முடியும்போது மீட்டர் 700க்கு வந்திருந்தது. எல்லோருக்கும் சந்தோசம். யன்னல்களைச் சாத்தி அரை மணி நேரத்தில் மறுபடி 2,300. இரண்டாம் பாதி முடியும்போது 3,500ஐத் தாண்டியது. உச்சம் சற்றுத் தணிந்தது, அவ்வளவுதான். நோயுள்ள ஒருவர் உள்ளே இருந்தால் அவர் இடைவேளைக்குப் பிறகும் மூச்சு விடுவார். இடைவேளை என்பது வாளியில் தேங்கிய தண்ணீரை ஒருமுறை ஊற்றுவது போல. குழாய் திறந்துதான் இருக்கிறது.

யன்னலைத் திறந்தபடியே வகுப்பு நடத்தலாமே என்று கேட்டேன். மழை, சத்தம் எல்லாம் சொன்னார்கள். அதை விடப் பெரிய மறுப்பு ஒரு தாயிடமிருந்து வந்தது: டெங்கு. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதிலும் பின்னேரத்தில் தீவிரமாக. வகுப்பு நேரமும் அதுதான். ஒரு காய்ச்சலைத் தடுக்கப் போய் இன்னொன்றை வரவேற்கக் கூடாது. ஆகவே எந்தத் துவாரம் திறந்தாலும் நுளம்பு வலை என்று முடிவு செய்தோம். வலை காற்றைக் குறைக்கும், அதற்கேற்ப விசிறி வேண்டும்.

விசிறி தவறான சுவரில்

12 அங்குல வெளியேற்றும் விசிறிகள் இரண்டு வாங்கினோம். இந்த இடத்தில் பிழை என்னுடையது. பூட்டும் நாளில் நான் வேறு வேலையில் இருந்தேன். மின்வேலை செய்ய வந்தவர் வயர் கிட்ட இருக்கிறது என்று இரண்டையும் யன்னல்கள் இருக்கும் அதே வலப்பக்கச் சுவரில் பூட்டிவிட்டார். உள்ளே காற்று வருவதற்கு அதே சுவரில் இரண்டு யன்னலைச் சற்றுத் திறந்து வலை அடித்தார். நான் தொலைபேசியில் படம் பார்த்துச் சரி என்றேன்.

அந்தச் சனிக்கிழமை ஆசிரியரின் மேசையில் மீட்டர் 850 காட்டியது. கைதட்டாத குறை. பழக்கதோசத்தில் மீட்டரை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். இடப்பக்கக் கடைசி வாங்கில் 2,000.

வகுப்பு முடிந்ததும் கீழ்வீட்டுச் சாமியறையிலிருந்து ஊதுபத்தி ஒன்று வாங்கி வந்தேன். திறந்த யன்னலருகே பிடித்தபோது புகை உள்ளே வந்து, சுவரை ஒட்டியே திரும்பி, இரண்டு மீற்றர் தள்ளியிருந்த விசிறிக்குள் நேரே போனது. அறைக்குள் ஒரு அடிகூட வரவில்லை. இடப்பக்க மூலையில் பிடித்தபோது புகை நூல் போல மேலே போய், கூரையருகில் ஒரு குடையாக விரிந்து அங்கேயே நின்றது. இரண்டு விசிறியும் இரைந்துகொண்டிருந்தன, அந்த மூலைக்கு அது தெரியவே இல்லை.

அந்தக் குடையைப் பார்க்கத் தலையை நிமிர்த்தியபோதுதான் விசிறிகளுக்கு எதிர்ச்சுவரில் வெள்ளை பூசிய பலகைகளின் கோடுகள் கண்ணில் பட்டன. தட்டினேன், வெறுமையாக ஒலித்தது. "அது பழைய காத்துத் துவாரம் தம்பி, அப்பா கட்டினது" என்றார் வீட்டுக்காரர்.

பலகைகளைக் கழற்றி வலை அடித்தோம். விறாந்தை வெளிப்பக்கம் திறந்தே இருப்பது, ஆகவே அங்கிருந்து வருவது வெளிக்காற்றேதான். விசிறிக்குக் கிட்ட இருந்த யன்னல்களைப் பூட்டினோம். இப்போது காற்று இடப்பக்கச் சுவரில் நுழைந்து, 6 மீற்றர் அகலத்தையும் குறுக்கே கடந்து, வலப்பக்கம் வெளியேற வேண்டும். வேறு வழி இல்லை. ஊதுபத்திப் புகை எந்த மூலையில் பிடித்தாலும் மெதுவாகச் சாய்ந்து விசிறிப் பக்கம் நகர்ந்தது.

அடுத்த வகுப்பில் முன்னும் பின்னும் 1,000ஐ ஒட்டியே நின்றது. திருப்பிக் கணக்கிட்டால் மணிக்கு 1,400 கனமீற்றர் அளவு. விசிறிப் பெட்டியில் அச்சிட்டிருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல். வலையும் சுவரும் எடுத்துக்கொண்டது மீதி. பெட்டியில் உள்ள எண்ணை நம்பி விசிறி வாங்குபவர்கள் இதை நினைவில் வைக்கலாம். பத்து மூச்சுக்கு ஒன்று என்றிருந்தது, ஏறத்தாழ அறுபத்தைந்துக்கு ஒன்று என்று வந்தது.

எத்தனை பேர் இருக்கலாம்

1,400ஐ 45ஆல் பிரித்தால் ஆளுக்குச் செக்கனுக்கு 8.6 லீற்றர். பத்துக்கு எட்டவில்லை. மூன்றாவது விசிறி போட இடமும் இல்லை, போட்டால் ஏசியால் தாங்கவும் முடியாது. ஆகவே ஆட்களைக் குறைக்க வேண்டும். நெரிசல் இங்கே இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஆட்கள் கூடினால் உள்ளே நோயுள்ள ஒருவர் இருக்கும் வாய்ப்புக் கூடும், ஆளுக்குரிய காற்றும் குறையும். அதோடு வாங்குக்கு மூன்று பேர் என்றால் தோளும் தோளும் உரசும். அந்த நெருக்கத்தில் ஒருவர் விடும் மூச்சு அறைக் காற்றோடு கலந்து நீர்த்துப்போகுமுன்னே மற்றவர் இழுத்துவிடுகிறார். எந்த விசிறியும் அதற்குள் புக முடியாது.

ஆசிரியர் 32 மாணவருக்கு ஒத்துக்கொண்டார். மீதியை ஞாயிறு வகுப்புக்கு மாற்றினார். பெரும்பாலான வாங்குகளில் இரண்டு பேர் மட்டும். 35 பேருக்கு ஆளுக்கு 11 லீற்றர், மீட்டர் 870. காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் வீட்டில் இருந்து பார்க்க வகுப்பைக் காணொளியாகப் பதிந்து அனுப்புவதென்றும் முடிவானது. உண்மையில் இதுதான் எல்லாவற்றிலும் மலிவான நடவடிக்கை. முதலிலேயே இருந்திருந்தால் அந்த மாணவன் மாதிரி வினாத்தாளுக்காக எழும்பி வந்திருக்க மாட்டான்.

குளிர் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கொழும்பின் ஈரக்காற்றை மணிக்கு 1,400 கனமீற்றர் உள்ளே விட்டால் இரண்டு ஏசியும் திணறும். முன்பு 22இல் வைத்து ஸ்வெட்டர் போட்டுப் படித்தார்கள். இப்போது 27, 28க்குக் கீழே இறங்குவதில்லை, மின்கட்டணமும் கூடியது. முதல் இரண்டு வாரம் முறைப்பாடு. மேல்விசிறிகளைத் துடைத்துச் சத்தம் இல்லாமல் ஓடவைத்ததும் பெரும்பாலும் அடங்கியது.

காற்றுச் சுத்திகரிப்பான் குழப்பம்

ஒரு பெற்றோர் தன் வீட்டுக் காற்றுச் சுத்திகரிப்பானைக் கொண்டுவந்து வைத்தார். ஹெப்பா வடிகட்டி உள்ளது. இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர் எனக்கு அழைத்தார்: "தம்பி, மெசின் வேலை செய்யேல்ல. மீட்டர் ஒரு சொட்டும் இறங்கேல்ல."

மெசின் நன்றாகத்தான் வேலை செய்தது. ஹெப்பா நுண்துளிகளைப் பிடிக்கும், காபனீரொட்சைட்டைப் பிடிக்காது. மீட்டர் காட்டுவது வெளிக்காற்று எவ்வளவு வருகிறது என்பதை மட்டும். வடிகட்டியின் பலன் அந்த எண்ணில் தெரியவே தெரியாது. முகக்கவசமும் அப்படித்தான். அந்தச் சிறிய கருவி மணிக்கு 300 கனமீற்றரைச் சுத்தமாக்கக்கூடியது. விசிறிகளின் 1,400க்கு முன் அது பெரிதல்ல, ஆனால் கடும் மழையில் துவாரங்களைப் பாதி மூட வேண்டி வரும் நாட்களுக்குப் பெறுமதியானது. அதற்காக அதை வைத்திருக்கிறோம்.

பின்னர் நடந்தது

ஆகஸ்ட் வரை அந்த வகுப்பில் அப்படி ஒரு கூட்டுக் காய்ச்சல் வரவில்லை. இதை எங்கள் வெற்றியாக எழுத மாட்டேன். இலங்கையில் இன்ஃபுளுவென்சா வருடத்தில் இரண்டு முறை கூடும். ஒன்று நடுப்பகுதியில், மற்றது வருடக் கடைசியில். முதல் அலை அப்போது தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது.

நல்ல சோதனை டிசம்பரில் வந்தது. ஒரு மாணவி காலையில் சுகமாக இருந்து, வகுப்புக்கு நடுவில் இருமத் தொடங்கினாள். ஒரு மணி நேரம் இருந்த பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த நான்கு நாளில் மூன்று பேருக்குக் காய்ச்சல். ஒருத்தி அவளுடைய வாங்கில் இருந்தவள். இன்னொருவர் முன் வாங்கில், நேர் எதிரே. மூன்றாமவர் தூரத்தில் இருந்தவர், அவருடைய தம்பிக்கும் அதே வாரம் காய்ச்சல், எது முதல் என்று தெரியவில்லை. சோதனை யாரும் செய்யவில்லை.

ஜூனையும் டிசம்பரையும் நேராக ஒப்பிட முடியாது. நேரம் வேறு, ஆட்கள் வேறு, கிருமியே வேறாக இருக்கலாம். ஆனால் ஆசனப் படத்தின் உருவம் மாறியிருந்தது. ஜூனில் அறை முழுக்கச் சிதறியிருந்த புள்ளிகள் டிசம்பரில், தூரத்தில் இருந்த அந்த ஒருவரைத் தவிர, ஒரு வாங்கைச் சுற்றியே இருந்தன. காற்றோட்டத்தால் எதிர்பார்க்கக் கூடியதும் இதுதான். தூரத்தில் இருப்பவரைக் காக்கும், முகத்துக்கு முகம் இருப்பவரை அவ்வளவாகக் காக்காது.

இன்னொரு முறை என்றால்

ஆசனப் படத்தைப் பத்து நாள் கழித்துக் கீறியது பிந்திவிட்டது. இரண்டு பிள்ளைகள் தாங்கள் எங்கே இருந்தோம் என்று கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது உதவியாளர் ஒவ்வொரு வகுப்பிலும் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்து வைக்கிறார், ஒரு மாதத்தில் அழித்துவிடுகிறார்.

விசிறி வாங்குமுன் ஊதுபத்தி கொளுத்தியிருப்பேன். மீட்டரை ஒரு இடத்தில் வைத்து நம்பியிருக்க மாட்டேன். பழைய கட்டடம் என்றால் முதலில் கூரையோரத்தைப் பார்த்திருப்பேன், யாரோ மூடிய துவாரம் இருக்கும்.

இருமிய மாணவனோடு கதைக்க மறந்ததும் ஒரு குறை. இரண்டு வாரம் அவன் வகுப்புக்கே வரவில்லை, காய்ச்சலால் அல்ல, கூச்சத்தால். மீட்டர் அளவுகளை ஆசிரியர் எல்லோர் முன்னும் கரும்பலகையில் எழுதிக் காட்டிய நாளுக்குப் பிறகுதான் வந்தான்.

இந்தத் தவணைக்கு 38 பேர் பதிந்திருக்கிறார்கள். இன்னும் ஆறு கதிரை போடலாமா என்று வீட்டுக்காரர் போன கிழமை கேட்டார். விசிறி இறகுகளிலும் வலைகளிலும் ஆறு மாதத் தூசு படிந்திருந்தது. துடைத்துவிட்டு, 38 பேரையும் இருத்தி ஒரு நாள் அளந்த பிறகு பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.